ஈஸ்டர் லைவ்ல வேட்பாளர் வந்து நின்னா கேமராவ எங்க திருப்புறது?

2024 மார்ச் 31, ஈஸ்டர். விடியக்காலம் நாலரை மணி ஆராதனை, நான் பால்கனியில கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறேன், பக்கத்துல லேப்டாப்ல ஓபிஎஸ்ங்கிற லைவ் ஒளிபரப்பு சாஃப்ட்வேர் ஓடுது, சபையோட யூடியூப் சேனல்ல லைவ் போய்க்கிட்டு இருக்கு. பிரசங்கம் முடிஞ்சு ஜனங்க வரிசையா முன்னாடி போய் முழங்கால் போட, எங்க குருவானவர் ஐயா ஒவ்வொருத்தர் தலையிலயும் கை வச்சு ஆசீர்வதிச்சுக்கிட்டே வர்றாரு, அது எங்க சபையில வருஷா வருஷம் நடக்குறதுதான். திடீர்னு பின் வாசல்ல சலசலப்பு. திரும்பிப் பாத்தா தொகுதி வேட்பாளர் ஒருத்தர், தோள்ல கட்சித் துண்டு, கூட ஆறேழு பேரு. அவரும் வரிசையில வந்து முழங்கால் போட்டாரு. கூட்டம் எங்க பாக்குதோ அங்க கேமராவத் திருப்புறது கேமராமேனோட கைப்பழக்கம், நான் யோசிக்காமலே ஸூம் பண்ணிட்டேன். ஐயா எல்லாருக்கும் வச்ச மாதிரியே அவரு தலையிலயும் கை வச்சாரு.

காலைல எட்டு மணிக்கெல்லாம் அந்த இருபது செகண்ட் மட்டும் வெட்டி, பின்னாடி கட்சிப் பாட்டு போட்டு, சின்னத்த ஓரத்துல ஒட்டி, "சபை நம்ம பக்கம்"னு எழுதி வாட்ஸப் குரூப் குரூப்பா ஓடுது. எங்க சேனல் பேரு மூலையில அப்படியே தெரியுது. ஐயா ஒரு வார்த்தை கூட தேர்தலப் பத்திப் பேசல, வேட்பாளரும் வாயத் திறக்கல, ஆனா பிரச்சாரம் நடந்து முடிஞ்சிருச்சு, நடத்தினது என் கை.

இத ஏன் சொல்றேன்னா, சபைச் சேனல்ல அரசியல் வரக்கூடாதுன்னு பேசும்போது எல்லாரும் பிரசங்க பீடத்த மட்டும்தான் நினைக்கிறாங்க, யாருக்கு ஓட்டுப் போடணும்னு குருவானவரு சொல்லாம இருந்தாப் போதும்னு. நிஜத்துல அந்த வழியா வர்றது ரொம்பக் கம்மி. கேமரா வழியா வரும், ஜெபக் குறிப்பு வழியா வரும், "இந்த வார ஒளிபரப்புக்கு உதவி செய்தவர்"ங்கிற நன்றி ஸ்லைடு வழியா வரும், கமெண்ட் வழியா வரும்.

அன்னிக்கு மத்தியானமே எதிர்த்தரப்புலருந்து எங்க கமிட்டி மெம்பர் ஒருத்தருக்குப் போன். அவரு பதறிப்போய் வந்து, "தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களையும் வரச்சொல்லி அதே அளவு காட்டிருவோம், சமமாயிரும்ல"ன்னாரு. கேக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா நியூஸ் சேனலுக்குத்தான் சம நேரக் கணக்கு பொருந்தும், ஆராதனைக்குப் பொருந்தாது. ரெண்டு பேரக் காட்டினா மூணாவது ஆளு வருவாரு, சுயேச்சை வருவாரு, ஆராதனை வேட்பாளர் அறிமுகக் கூட்டமா ஆயிரும். அதுவும் போக ரெண்டு தரப்பையும் மேடையேத்தினா நடுநிலைன்னு சட்டத்துல எங்கயும் இல்ல, மேடையே கூடாதுன்னுதான் இருக்கு.

சட்டம்னு எடுத்துட்டதால அதையும் கொஞ்சம் பாத்துருவோம், ஏன்னா இதுல பாதிப் பேரு தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. தேர்தல் நடத்தை விதியில பொதுவான பகுதியிலயே மசூதி, சர்ச், கோவில் எதையும் தேர்தல் பிரச்சார மேடையாப் பயன்படுத்தக்கூடாதுன்னு இருக்கு. தேதி அறிவிச்ச நிமிஷத்துலருந்து அது நடைமுறைக்கு வந்துரும். 2024ல மார்ச் 16 அறிவிப்பு, தமிழ்நாட்டுல ஏப்ரல் 19 ஓட்டு. நடுவுல அஞ்சு ஞாயித்துக்கிழமை, அதுல குருத்தோலை ஞாயிறும் ஈஸ்டரும் அடக்கம், புனித வெள்ளி வேற தனியா. வருஷத்துலயே சேனல அதிகம் பேரு பாக்குற வாரங்கள் மொத்தமும் பிரச்சார காலத்துக்குள்ள விழுந்துச்சு.

நடத்தை விதிய மீறினா கலெக்டர் ஆபீஸ்லருந்து நோட்டீஸ் வரும், அவ்வளவுதான்னு நினைக்கிறவங்க இருக்காங்க. அதுக்கு மேல 1988ல வந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கு, மத நிறுவனங்கள தவறாப் பயன்படுத்துறதத் தடுக்குற சட்டம். பஞ்சாப் பிரச்சினை உச்சத்துல இருந்த நேரத்துல முதல்ல அவசரச் சட்டமா வந்தது. மத நிறுவனத்தோட இடத்தயோ பணத்தயோ அது நடத்துற ஆராதனை, திருவிழா, ஊர்வலத்தயோ அரசியல் வேலைக்கு விடக்கூடாதுங்குது. மீறினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். முக்கியமான விஷயம், இதுல முதல்ல மாட்டுறது நிர்வாகத்துல இருக்கிறவங்க, அந்த மீறலோட சம்பந்தப்பட்ட மத்தவங்களும் மாட்டலாம். நிர்வாகின்னா யாருன்னு ரொம்ப அகலமா எழுதியிருக்காங்க, குருவானவரும் அதுல வருவாரு, கமிட்டியும் வரும்.

வேட்பாளர் முக்கியமா மாட்டுறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123வது பிரிவுல. அவரோ அவரு ஏஜென்டோ, இல்ல அவரு சம்மதத்தோட வேற யாரோ மதத்தக் காட்டி ஓட்டுக் கேட்டா அது ஊழல் நடவடிக்கை, ஜெயிச்ச தேர்தலே செல்லாமப் போகலாம். வேட்பாளரோட மதம் மட்டும் இல்ல, ஓட்டுப் போடுறவரோட மதத்தச் சொல்லிக் கேட்டாலும் அதேதான்னு 2017 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு ஏழு நீதிபதி பெஞ்ச் நாலுக்கு மூணுன்னு தீர்ப்புச் சொல்லிச்சு.

ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதுக்கும் ரொம்ப முந்தின ஒரு கேஸு. 1957 தேர்தல்ல பஞ்சாப் சட்டசபைக்கு சிர்சா தொகுதி, இப்ப அது ஹரியானாவுல இருக்கு. அங்க நாம்தாரி சீக்கியர்களோட குரு, இன்ன வேட்பாளருக்குத்தான் ஓட்டுப் போடணும்னு தன் பக்தர்களுக்குக் கட்டளை மாதிரி அறிவிப்பு விட்டாரு. அந்த வேட்பாளர் ஜெயிச்சாரு, கேஸு போட்டாங்க, 1959ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் அந்த வெற்றி ரத்தாச்சு. கோர்ட்டு சொன்ன காரணத்தத்தான் கவனிக்கணும். மதத் தலைவருக்கும் அரசியல் கருத்து இருக்கலாம், இன்னாரு நல்லவருன்னு சொல்லக்கூடச் சொல்லலாம், ஆனா அத மீறினா தெய்வக் குத்தம்னு கேக்கிறவன் நினைக்கிற மாதிரி சொல்லிட்டா அவனுக்குச் சுயமா முடிவெடுக்க இடமே இல்லாமப் போகுது, அதனால அது முறையற்ற செல்வாக்கு. சட்டத்துலயே தெய்வ கோபம், ஆன்மீக தண்டனைங்கிற அர்த்தத்துல வார்த்தை இருக்கு.

இந்தக் கேஸப் படிச்சப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. ஆராதனை லைவ்ல ஐயா கை வைக்கிறதும், டீக்கடையில அதே ஐயா தன் கருத்தச் சொல்றதும் ஏன் வேற வேறங்கிறது இதுலதான் இருக்கு. டீக்கடையில அவர எதுத்துப் பேசலாம். ஆராதனையில அவரு சொல்றதுக்குப் பின்னாடி ஆண்டவர் நிக்கிறாருன்னு ஜனங்க நம்புறாங்க, அங்க பதில் பேச்சுக்கு இடமில்ல. சேனல்ல வர்றது எல்லாம் ஆராதனை வெளிச்சத்துலதான் ஜனங்களுக்குத் தெரியுது, நன்றி ஸ்லைடு உட்பட.

சரி, அப்ப அரசியல் வாசனையே வராம போதனைய வடிகட்டிரலாமான்னா, அங்கதான் பெரிய குழி இருக்கு. ஈஸ்டருக்கு அப்புறம் கமிட்டியில பயம் வந்து, ஒருத்தர் இனிமே ஓட்டு முடியிற வரைக்கும் "பாதுகாப்பான" வசனம் மட்டும் எடுங்கன்னாரு. எது பாதுகாப்பான வசனம்? ஈஸ்டர் காலையில "நீதியின் சூரியன் உதிக்கும்"னு மல்கியா வசனத்தச் சொன்னா உதயசூரியனுக்குப் பிரச்சாரம்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தாரு, பாதி கேலி பாதி நிஜம். அப்படிப் பாத்தா கர்த்தருடைய கைன்னும் சொல்ல முடியாது, அத்திமரத்து இலைன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுல சின்னத்துல இல்லாத வஸ்து எதையாவது வச்சு பைபிளப் படிக்கணும்னா லேவியராகமத்துல வம்ச அட்டவணையத் தேடிக்கிட்டு அலையணும், அதுவும் அங்க இருக்காது.

இதுக்கு எங்களுக்குக் கை கொடுத்தது வேதபாட அட்டவணை. வருஷ ஆரம்பத்துலயே இந்த ஞாயித்துக்கிழமைக்கு இந்தத் தலைப்பு, இந்தப் பாடம்னு அச்சாகி வந்துருது, அப்ப தேர்தல் தேதியே யாருக்கும் தெரியாது. அதுல உள்ளத உள்ளபடி வாசிச்சுப் பிரசங்கம் பண்ணினா, ஏன் இன்னிக்கு இதப் பேசினீங்கன்னு எவன் கேட்டாலும் அட்டவணையக் காட்டலாம். அட்டவணைய விட்டு விலகி ஒரு வசனத்தப் புதுசா எடுத்தா அதுக்குத்தான் காரணம் சொல்லணும். அட்டவணையில இருக்கிற வசனத்தப் பயந்துக்கிட்டு விட்டாலும் அதே மாதிரி காரணம் சொல்லணும், அதுவும் ஒரு அரசியல் முடிவுதான்.

இன்னொரு அளவுகோல் ஆகஸ்ட் 10. தலித் கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி பட்டியல்ல இடம் இல்லாமப் பண்ணின குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ல வந்தது, அந்த நாள சபைகள் கருப்பு நாளா அனுசரிக்குது. இது போதனையா அரசியலான்னா, ரெண்டும்தான். 1988 சட்டத்துல அரசியல் வேலைங்கிறதுக்கு கட்சி வேலை மட்டும் இல்ல, அரசியல் தன்மையுள்ள பிரச்சினையும் சேரும்னு இருக்கு, அதனால கண்ண மூடிக்கிட்டுப் பேசிரலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தேர்தல் இல்லாத வருஷமும் அதே நாள்ல, அதே ஜெபம், அதே வேண்டுகோள்னு நீ பேசிக்கிட்டு வந்திருந்தா அது உன் விசுவாசத்தோட பேச்சுன்னு காட்ட முடியும். அஞ்சு வருஷம் வாயத் தொறக்காம இருந்துட்டு வேட்புமனு வாபஸ் வாங்குற வாரத்துல திடீர்னு ஸ்பெஷல் ஜெபக்கூட்டம் லைவ் போட்டா அது வேற. பழைய வீடியோ தேதிகள்தான் சாட்சி, சேனல்ல போய் நாமளே தேடிப் பாத்துக்கலாம்.

ஜெபமும் அப்படித்தான். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லி தீமோத்தேயு நிருபத்துலயே இருக்கு, பிரதமருக்காகவும் முதல்வருக்காகவும் வாராவாரம் ஜெபிக்கிறோம். அத தேர்தலுக்காக நிறுத்தக்கூடாது. ஆனா ஜெபம் பண்ண வந்த மூப்பர் ஒருத்தர் உருக்கமா, "இந்த நல்லாட்சி தொடரும்படியாய்"னு ஒரு வார்த்தை சேத்துட்டாரு, வேற நேரமா இருந்தா யாரும் கவனிச்சிருக்கக்கூட மாட்டாங்க. ஆட்சியில இருக்கிறவங்களுக்கு ஞானம் கொடும்னா ஜெபம், தொடரும்படியாய்னா பிரச்சாரம். அவருக்குக் கட்சி எண்ணமே கிடையாது, மேடைப் பேச்சு கேட்டு கேட்டு நாக்குல ஒட்டிக்கிட்டது. அதுக்கப்புறம் பொது ஜெபத்த மட்டும் எழுதி வாசிக்கச் சொன்னோம்.

பணம் விஷயத்துல ரெண்டு வழி அடைக்கணும். ஒண்ணு நன்றி ஸ்லைடு. பிரச்சார காலத்துல ஒளிபரப்புச் செலவ ஏத்துக்கிறேன்னு வர்றவங்க யாருன்னு பாத்தா, பாதி பேரு ஏதாவது ஒரு கட்சியில வட்டமோ ஒன்றியமோ இருப்பாங்க. நாங்க தேதி அறிவிச்ச அன்னிக்கே பேரு போடுறத மொத்தமா நிறுத்தினோம், பிறந்தநாள் வாழ்த்து உட்பட, ஆள் பாத்து நிறுத்தினாத்தான் சண்டை. ரெண்டாவது யூடியூப் விளம்பரம். சேனல்ல மானிடைஸேஷன் ஆன்ல இருந்தா பிரசங்கத்துக்கு முன்னாடி கட்சி விளம்பரம் ஓடலாம், பாக்குற பாட்டிக்கு அது கூகுள் போட்டதுன்னு தெரியாது, சபை போட்டதுன்னுதான் நினைக்கும். ஆட்சென்ஸ் கணக்குல விளம்பர வகைகளத் தடுக்குற இடத்துல அரசியல் வகைய அடைக்கலாம். எல்லாத்தையும் அது பிடிக்கும்னு நம்பாம நாங்க அந்த ஒரு மாசத்துக்கு விளம்பரத்தையே நிறுத்திட்டோம், வந்த நஷ்டம் ஒரு மைக் கேபிள் வாங்குற அளவுக்குத்தான்.

வெளிநாட்டுக் காணிக்கை வாங்குற டிரஸ்டு சேனல் நடத்துச்சுன்னா இன்னொரு ஆபத்து இருக்கு. எஃப்சிஆர்ஏ சட்டப்படி செய்தியோ நடப்பு விவகார நிகழ்ச்சியோ தயாரிச்சு ஒளிபரப்புற அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. யாரையும் ஆதரிக்காம, நடுநிலையா "இந்த வாரத் தேர்தல் களம்"னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாலும் பிரச்சினை வரலாம், ஏன்னா அந்தச் சட்டம் நீ எந்தப் பக்கம்னு கேக்கல, நீ நியூஸ் நடத்துறியான்னு கேக்குது. வாலிபர் சங்கத்துல பசங்க ஆர்வமா இப்படி ஒரு ஐடியா கொண்டு வந்தாங்க, டிரஸ்டு ஆடிட்டர்ட்ட கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன், அதோட விட்டுட்டாங்க.

இனி கேமரா. ஈஸ்டர் வீடியோவுல அந்தப் பகுதிய யூடியூப் ஸ்டுடியோவுலயே வெட்டி எடுத்துட்டோம், ஆனா வெளிய போனது போனதுதான், அதனால முன்னாடியே தடுக்குறதுதான் வேலை. ஓபிஎஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல ஸ்ட்ரீம் டிலே இருக்கு, அதுல முப்பது செகண்ட் வச்சோம். டிலே வச்சதும் நிம்மதியாயிராதீங்க, அது வெறும் தாமதம்தான், தப்பான காட்சி போனா முப்பது செகண்ட் கழிச்சுப் போகும், அதுக்குள்ள டிலேல நிக்கிற பகுதியத் தூக்கிப் போட்டுட்டு ஸ்ட்ரீமையே நிறுத்துறதுக்கு மட்டும்தான் அது உதவும். உண்மையில உதவினது ரெண்டாவது கேமரா. பீடத்துச் சிலுவையப் பாத்து அசையாம ஒண்ணு, அதுக்கு ஒரு சீன், கீபோர்டுல ஒரே ஒரு பட்டன். கட்சித் துண்டு உள்ள வந்தா பட்டன அமுக்கு, யாருன்னு பாக்காத, எந்தக் கட்சின்னு யோசிக்காத, நமக்குப் பிடிச்ச ஆளா இருந்தாலும் அமுக்கு. சேனல் செட்டிங்ஸ்ல பாக்குறவங்க கிளிப் எடுக்குற வசதிய அணைச்சோம், ஸ்கிரீன் ரெக்கார்டு பண்றவன அதால தடுக்க முடியாது. லைவ் சாட்ல கட்சிப் பேரு, தலைவர் பேரு, சின்னத்துப் பேரு எல்லாத்தையும் தடுக்குற வார்த்தைப் பட்டியல்ல போட்டோம், சூரியன் மட்டும் போடல, மேல சொன்ன காரணம்தான்.

ஓட்டுக்கு முந்தின கடைசி ஞாயிறு ஏப்ரல் 14. அன்னிக்கு ஐயா எடுத்தது அட்டவணையில இல்லாத வசனம், அத ஒத்துக்கணும், காரணத்த ரெக்கார்டுல எழுதி வச்சோம். யாத்திராகமம் இருபத்திமூணு, பரிதானம் வாங்காதே, பரிதானம் பார்வையுள்ளவங்களக் குருடாக்கும். ஓட்டுக்குப் பணம் வாங்குறதப் பத்தி. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாடியும் இங்க இந்தப் பிரசங்கம் உண்டு, பழைய வீடியோக்களும் இருக்கு. கமிட்டியில ஒரு அண்ணாச்சி, இப்ப எதுக்கு வம்புன்னாரு. ஐயா, "பணம் குடுக்குற வாரத்துல பேசாம பொங்கலுக்கா பேசுறது"ன்னாரு. ஆனா எழுதி வச்சதப் படிச்சுப் பாத்தப்ப ஒரு இடத்துல பென்சில் வச்சு அடிச்சோம். கவர்ல இவ்வளவு ரூபாய்னு ஒரு தொகை எழுதியிருந்தாரு. எங்க ஊர்ல அந்த வாரம் எந்தக் கட்சி எவ்வளவு குடுக்குதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தொகையச் சொன்னா கட்சிப் பேரச் சொன்ன மாதிரி. தொகைய எடுத்துட்டோம், வசனமும் மிச்சம் எல்லாமும் அப்படியே இருந்துச்சு. பிரசங்கம் முடிஞ்சதும் ரெண்டு தரப்புலருந்தும் அது தங்களத்தான்னு கோபப்பட்டு ஆளுக்கொரு போன் வந்துச்சு.

அதே ஆராதனையிலதான் எதிர்த்தரப்பு வேட்பாளரும் வந்தாரு, யாரும் கூப்பிடல, ஈஸ்டர் வீடியோவப் பாத்துட்டு வந்திருப்பாரு. ஆசீர்வாத நேரத்துல வரிசையில நின்னாரு. நான் பட்டன அமுக்கினேன், லைவ்ல சிலுவை மட்டும் நாலு நிமிஷம், ஆடியோவுல பாட்டு. ஐயா அவருக்கும் கை வச்சு ஜெபிச்சாரு, அத நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்ல, மனசும் இல்ல. சாட்ல துபாய்லருந்து பாக்குற ஒரு அக்கா, "வீடியோ ஸ்டக் ஆயிடுச்சா தம்பி"ன்னு கேட்டிருந்தாங்க. கீழ எட்டிப் பாத்தா வேட்பாளர் கூட வந்த பையன் தூணுக்குப் பக்கத்துல நின்னு செல்போன்ல எடுத்துக்கிட்டு இருந்தான், ஆராதனையில உதவி வேலை பாக்குற எங்க சபை முறைப்பிள்ளை ஒருத்தர் மெதுவாப் போய் அவன் தோள்ல கை வச்சு, "ஆராதனையில போன் வேண்டாம் தம்பி, உக்காரு, பாட்டுப் புஸ்தகம் இந்தா"ன்னு கையில குடுத்துட்டு வந்தாரு.